முதலில் ப்ளாக்கா, நியூஸ்லெட்டரா, த்ரெட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக, மாடித்தோட்டம் பற்றி எழுதும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொண்டோம். நீங்கள் சமையலோ, கல்வெட்டோ, வருமான வரியோ எழுதினாலும் கணக்கு அதேதான்.

மூணுலயும்தான் போடப் போறோம். எது முதல்லன்னு ஏன் இவ்வளவு யோசிக்கணும்?

முதலில் போடும் இடத்தில் வரும் பதில்தான் அடுத்த இரண்டையும் வடிவமைக்கிறது. எக்ஸ் போன்ற தளங்களில் அடுத்தடுத்துக் கோத்துப் போடும் பதிவுகளான த்ரெட்டில் போட்டால் முகம் தெரியாதவர்கள் அரைமணி நேரத்தில் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். நியூஸ்லெட்டரில் போட்டால் உங்களை ஏற்கெனவே படித்தவர்கள் நிதானமாக, சில சமயம் இரண்டு நாள் கழித்து, பத்தி பத்தியாகப் பதில் எழுதுவார்கள். ப்ளாக்கில் போட்டால் அன்றைக்கு அநேகமாக யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்துத் தேடி வருகிறவர் அங்கேதான் வருவார்.

இன்னொரு வித்தியாசம் திருத்தம். ப்ளாக்கை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். த்ரெட்டில் கீழே ஒரு பதில் சேர்க்கலாம், ஆனால் பழையது அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அனுப்பிய மடலைத் திரும்ப வாங்கவே முடியாது.

ஒரு ஐடியா தோணினதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

ஆறு மாதம் கழித்து இதை ஒருவர் கூகுளில் தேடுவாரா, தேடினால் என்னவென்று தட்டுவார்? அந்தத் தேடல் வரியை உங்களால் எழுத முடிந்தால் விஷயம் கடைசியில் ப்ளாக்கில்தான் குடியிருக்க வேண்டும். ‘தக்காளி பூ உதிர்வது ஏன்’ என்று ஒருவர் தட்டுவார். ‘இந்த வருஷம் என் மாடியில் கற்றுக்கொண்டது’ என்று யாரும் தட்ட மாட்டார். இரண்டாவது மடலுக்கு ஏற்றது. போன மடலையும் படித்தவருக்குத்தான் அதில் சுவை இருக்கும்.

அடுத்தது, இப்போது உங்களுக்கு எவ்வளவு உறுதி? இதற்கு எளிய சோதனை உண்டு. சொல்ல வந்ததை ‘ஏனென்றால்’ சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘ஏனென்றால்’ வரைக்கும் வந்து பேனா நின்றால் உங்கள் கையில் இருப்பது கவனிப்பு மட்டும்தான், காரணம் இன்னும் வரவில்லை. அது த்ரெட்டுக்குப் போக வேண்டியது. காரணம் தெளிவாக இருந்து, தேடல் வரியும் இருந்தால் த்ரெட்டைத் தாண்டி நேராக ப்ளாக் எழுதிவிடலாம்.

இப்படிப் பொதுவாச் சொன்னா பிடிபடல. ஒரு ஐடியாவை எடுத்து முழுசா நடத்திக் காட்டுங்க.

ஏப்ரல் இரண்டாம் வாரம், சென்னையில் ஒரு மாடி. தக்காளிச் செடி தளதளவென்று இருக்கிறது. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. வெயில்தான் காரணமாக இருக்கும் என்று தோட்டக்காரர் நினைக்கிறார். சந்தேகம் இருக்கிறது, உறுதி இல்லை. அதனால் முதலில் த்ரெட், நான்கே பதிவு. ஒன்றாவதில் கவனித்தது, படத்தோடு. இரண்டாவதில் தன் ஊகம்: பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டு, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காததால் மகரந்தம் சரியாக உருவாகவில்லை. மூன்றாவதில் ஊகத்துக்கு இடிக்கிற விஷயம்: கிழக்குச் சுவரோரம் நிற்கும் ஒரு செடி மட்டும் காய்க்கிறது. நான்காவதில் கேள்வி: எந்த ஊர், நிழல்வலை உண்டா, கடைசியாக என்ன உரம் போட்டீர்கள்? ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘எனக்கும்தான்’ என்ற பதில்தான் வரும். மூன்று விவரம் கேட்டால் மூன்று விவரம் வரும்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர் ‘இங்கே அவ்வளவு வெயில் இல்லை, ஆனாலும் உதிர்கிறது, போன மாதம் யூரியா போட்டேன்’ என்று எழுதினார் என்று வையுங்கள். கட்டுரையின் உருவமே அந்தப் பதிலில் மாறிவிடுகிறது. தழைச்சத்து அதிகமானாலும் செடி இலையாக வளர்ந்து பூவைக் கைவிடும் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்ததுதான். ஆனால் சென்னை வெயிலில் நின்று எழுதியபோது அது அவர் நினைவுக்கு வரவில்லை. நேராக ப்ளாக் எழுதியிருந்தால் வெயில் மட்டுமே காரணம் என்று ஒரு அரைக் கட்டுரை நிலைத்திருக்கும்.

இரண்டாம் கட்டம் அந்த வார மடல். மடல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதே வெயிலில் செடி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு முழு விளக்கத்தைவிட இந்த வாரம் செய்ய வேண்டியதுதான் முக்கியம். உச்சி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள், தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் பிடிக்கும். உதிர்கிறதே என்று செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். இவ்வளவையும் 300 சொற்களில் சொல்லிவிடலாம்.

ப்ளாக் மூன்றாவதாக, இரண்டு வாரம் கழித்து வருகிறது. தலைப்பு தேடுகிறவரின் வாய்மொழியிலேயே: ‘தக்காளிப் பூ உதிர்வது ஏன்?’ வெயிலுக்கு ஒரு பகுதி, உரத்துக்கு ஒரு பகுதி, இரண்டையும் பிரித்தறிய ஒரு பகுதி. இலை கரும்பச்சையாகக் கொழுத்து, தண்டு தடித்திருந்தால் உரத்தைச் சந்தேகிக்க வேண்டும். செடி நிதானமாக இருந்து பூ மட்டும் காய்ந்து விழுந்தால் வெயிலை. அடுத்த வருடம் புதுக் கட்டுரை எழுதாமல் இதே பக்கத்தைப் புதுப்பித்தால் முகவரி மாறாமல் பழைய இணைப்புகளெல்லாம் பயன்படும்.

த்ரெட்ல எத்தனை பதிவு வரைக்கும் போகலாம்? தமிழ்ல எழுதினா இடமே பத்தமாட்டேங்குது.

இடம் பத்தாமல் போவதற்கு உங்கள் நடை காரணம் இல்லை, எண்ணும் முறைதான் காரணம். எக்ஸ் தளம் நாம் வாசிக்கும் எழுத்தை எண்ணுவதில்லை. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ‘தக்காளிப் பூ உதிர்கிறது’ என்பது நம் கண்ணுக்கு 12 எழுத்து, 2 இடைவெளி, ஆக 14. எக்ஸ் கணக்கில் அது 23. புளூஸ்கை நம்மைப் போலவே எண்ணுவதால் அங்கே 14தான். எக்ஸில் 280 என்ற வரம்புக்குள் தமிழில் ஏறத்தாழ 30 சொல் அடங்கும். புளூஸ்கையில் வரம்பு 300தான், ஆனாலும் தமிழுக்கு அங்கே இடம் கணிசமாகக் கூடும். எக்ஸில் எந்த நீள இணைப்பைப் போட்டாலும் 23 எழுத்தாகவே எண்ணப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆகவே 7 பதிவு என்பது 200 சொல். அதற்கு மேல் போகிறதென்றால் உங்களிடம் இருப்பது கட்டுரை. அதைத் துண்டு போட்டால் ‘ஆகவே’, ‘இதனால்’ என்று தொடங்கும் பதிவுகள் நடுவில் அனாதையாக நிற்கும். யாராவது 5ஆம் பதிவை மட்டும் பகிர்ந்தால் படிப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒவ்வொரு பதிவையும் தனியே பிரித்து உரக்கப் படித்துப் பாருங்கள். தனியே நிற்காதவை இரண்டுக்கு மேல் இருந்தால் மடலுக்கோ ப்ளாக்குக்கோ மாற்றுங்கள்.

என் நியூஸ்லெட்டர்ல 60 பேர்தான் இருக்காங்க. அங்க முதல்ல போட்டு என்ன பிரயோஜனம்?

60 பேரில் 4 பேர் பதில் எழுதினாலே உங்களுக்குத் தேவையானது கிடைத்துவிடும். முழுதும் படித்துவிட்டு எழுதும் பதில்கள் அவை. தயக்கம் உள்ள விஷயங்களுக்கு மடல்தான் முதல் இடம். தோற்றுப்போன முயற்சி, செலவுக் கணக்கு, ஒரு கம்பெனி விதை முளைக்கவில்லை என்பது போன்றவற்றைத் த்ரெட்டில் போட்டால் விவாதம் விஷயத்தை விட்டு ஆளின் பக்கம் திரும்பிவிடும். மடலில் ‘எனக்கும் முளைக்கவில்லை, ஆனால் நான் ஊறவைக்கவில்லை’ என்று ஒருவர் நிதானமாக எழுதுவார்.

பதில் வர வேண்டுமானால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அனுப்பும் முகவரி பதில் ஏற்கும் முகவரியாக இருக்கட்டும், `noreply` என்று தொடங்கும் முகவரி வேண்டாம். மடலின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள். மூன்று கேள்வி வைத்தால் ‘அப்புறம் எழுதலாம்’ என்று மூடிவிடுவார்கள்.

நீளமான கட்டுரையை அப்படியே மடலா அனுப்பினா ஜிமெயில்ல பாதியில நின்னுடுது. ஏன்?

மடலின் எச்டிஎம்எல் அளவு 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அங்கேயே வெட்டி, மீதியைப் படிக்க ஒரு இணைப்பை வைத்துவிடும். தமிழுக்கு இந்த வரம்பு சீக்கிரமே வரும். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். மேலே பார்த்த அந்த மூன்று சொல் மட்டும் 65 பைட். 2,000 சொல் தமிழ்க் கட்டுரை 45 முதல் 55 கேபி வரை போகும். மீதி இடத்தை வார்ப்புருவும், பொத்தான்களும், ஒவ்வொரு இணைப்பின் பின்னாலும் மடல் சேவை ஒட்டும் நீள முகவரிகளும் தின்னும். படங்கள் இந்தக் கணக்கில் சேராது, அவை வெளியிலிருந்து வருபவை.

வெட்டு விழுந்தால் மடலின் அடியில் இருக்கும் விலகல் இணைப்பும் மறைந்துபோகும். விலக வழி தெரியாதவர் ‘ஸ்பாம்’ பொத்தானை அழுத்துவார், அது மற்றவர்களுக்குப் போகும் மடலையும் கெடுக்கும். அதனால் 1,500 சொல்லைத் தாண்டும் கட்டுரை முதலில் ப்ளாக்கில் ஏறட்டும். மடலில் இந்த வாரத்துக்கு வேண்டிய பகுதியையும் இணைப்பையும் மட்டும் அனுப்புங்கள்.

ஃபேஸ்புக்லயே எவ்வளவு நீளமா வேணும்னாலும் எழுதலாமே, ப்ளாக் எதுக்கு?

எழுதலாம், படிக்கவும் படிப்பார்கள். ஆனால் போன வருடம் நீங்கள் எழுதிய பதிவை நீங்களே இப்போது தேடி எடுத்துப் பாருங்கள். உங்களுக்கே சிரமமாக இருந்தால் அந்நியர் எப்படி வருவார்? இடமும் நம்முடையது இல்லை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அங்கே மட்டும் எழுதி, பிரதி எடுக்காமல் விட்டவர்களின் எழுத்து அதோடு போய்விட்டது. டைனிலெட்டர் என்ற மடல் சேவை 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஆகவே மடல் சேவையில் இருந்தாலும் சந்தாதாரர் பட்டியலை மாதம் ஒருமுறை `.csv` கோப்பாக இறக்கி வையுங்கள்.

ப்ளாக்கிலும் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிளாகரில் தமிழ்த் தலைப்பு மட்டும் கொடுத்தால் பக்கத்தின் முகவரி `blog-post.html`, `blog-post_12.html` என்று ஆகிவிடும். வேர்ட்பிரஸில் தமிழ் முகவரியே கிடைக்கும், ஆனால் பிரதி எடுத்து ஒட்டினால் `%E0%AE%A4...` என்று வால்போல நீளும். வாட்ஸப்பில் அதைப் பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். இரண்டிலுமே வெளியிடும் முன் முகவரியை நீங்களே ரோமன் எழுத்தில் கொடுங்கள்: `thakkali-poo-uthirvu` போதும். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் அறுந்துபோகலாம்.

மடல்ல போனதையே ப்ளாக்லயும் போட்டா டூப்ளிகேட்னு கூகுள் தூக்கிடுமாமே?

தூக்காது. ஒரே எழுத்து இரண்டு முகவரியில் இருந்தால் கூகுள் ஒன்றை மூலமாக எடுத்துக்கொண்டு அதைக் காட்டும். அது எதை எடுக்கும் என்பதுதான் பிரச்சினை. சப்ஸ்டாக் போன்ற சேவைகளில் அனுப்பும் பொது மடல் இணையப் பக்கமாகவும் நிற்கும். அது முதலில் வந்ததால் உங்கள் ப்ளாக் பக்கம் பின்னுக்குப் போகலாம்.

மடல் சேவையில் மூல முகவரி தரும் வசதி இருந்தால் ப்ளாக் முகவரியைக் கொடுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் அது இப்படிப் போய் உட்காரும்:

```
<link rel="canonical" href="https://example.com/thakkali-poo-uthirvu">
```

இந்த வசதி இல்லையென்றால், தக்காளி உதாரணத்தில் செய்தது போல மடலும் ப்ளாக்கும் வேறு வேறு எழுத்தாக இருக்கட்டும். எங்களுக்கு இந்த வழிதான் பிடிக்கும். வாசகருக்கும் ஒன்றையே இரண்டு தடவை படிக்கும் அலுப்பு இருக்காது.

த்ரெட்டுக்கு லைக்கே விழல. அப்ப அந்த ஐடியாவை விட்டுடலாமா?

லைக்கைப் பார்க்காதீர்கள், பதில்களின் தன்மையைப் பாருங்கள். 3 பேர் பதில் சொல்லி அதில் ஒருவர் ‘அப்ப கத்திரிக்கும் இப்படித்தானா?’ என்று கேட்டிருந்தால் ப்ளாக்குக்கு ஒரு துணைத்தலைப்பே கிடைத்துவிட்டது. 400 லைக் விழுந்து ‘அருமை’ என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை என்றால் சொன்ன விதம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். தேடி வருகிறவர்களுக்கான விஷயங்கள் த்ரெட்டில் பெரும்பாலும் ஓடாது. செடி வாடும் அன்றுதான் அது ஒருவருக்குத் தேவைப்படும்.

மடலில் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் மடலின் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறந்ததாகக் கணக்கு ஏறும். பதிலும் இணைப்புச் சொடுக்கும்தான் ஓரளவு உண்மை சொல்லும்.

த்ரெட்டை யாரோ காப்பி பண்ணி என் பேர் இல்லாம வாட்ஸப்ல சுத்த விட்டுட்டாங்க. இனிமே எல்லாத்தையும் ப்ளாக்லயே முதல்ல போடணுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். உங்கள் உழைப்பு முழுமையாக இறங்கியவற்றை மட்டும் ப்ளாக்கில் முதலில் ஏற்றுங்கள்: நீங்களே அளந்து எழுதிய அட்டவணை, பல மாதம் எடுத்த படங்கள், சொந்தமாகத் திரட்டிய பட்டியல். தேதியோடு ஒரு பக்கம் இருந்தால் மூலம் எது என்று காட்ட ஒரு இடம் இருக்கும். படத்தின் மூலையில் பெயர் போட்டால் வெட்டிவிடுவார்கள். அட்டவணையின் நடுக் கட்டத்தில் ப்ளாக் முகவரியைப் போட்டால் வெட்ட முடியாது.

ஊகமும் கேள்வியுமாகப் போடும் த்ரெட் திருடப்பட்டாலும் பெரிய இழப்பில்லை. முழுமையானது உங்களிடம்தான் வரப்போகிறது. அதைத் திருட்டுக்குப் பயந்து ப்ளாக்கில் வைத்தால் ஏற்காட்டுக்காரரின் பதில் கிடைக்காது.

போட்ட அளவு தப்பு, ஆனா த்ரெட் பரவிடுச்சு, மடலும் போயிடுச்சு. இப்ப என்ன பண்றது?

யாருக்காவது சேதம் வருமா என்று முதலில் பாருங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி என்பது 50 என்று போய்விட்டால் இலை கருகும். அப்படியானால் அந்தப் பதிவை அழித்துவிட்டு, சரியான அளவோடு புதிதாகப் போட்டு, முந்தையது அழிக்கப்பட்டதையும் அதே பதிவில் சொல்லுங்கள். மடல் வாங்கியவர்களுக்கு அன்றே ஒரு சிறு மடல்: பொருள் வரியிலேயே ‘திருத்தம்: வேப்பெண்ணெய் 5 மில்லி, 50 அல்ல’. மடலைத் திறக்காதவரும் பொருள் வரியைப் பார்த்துவிடுவார்.

சேதம் இல்லாத பிழை, உதாரணமாக ஒரு ரகத்தின் பெயர் மாறிப்போனது, என்றால் அழிக்க வேண்டாம். தவறான பதிவுக்கு நேர் கீழே திருத்தத்தைப் பதிலாகப் போடுங்கள். மடலில் அடுத்த இதழின் முதல் வரியில் சொன்னால் போதும். ப்ளாக்கில் திருத்திவிட்டு, அடியில் தேதியோடு ஒரு வரி சேருங்கள்.

இதனாலேயே அளவு, மருந்து, பணம், சட்டத் தேதி உள்ளவற்றை மட்டும் இரண்டாவது கேள்வியில் சொன்ன விதிக்கு வெளியே வைக்கிறோம். எண் உறுதியாகும் வரை எங்கேயும் போடாதீர்கள். உறுதியானதும் ப்ளாக்கில் முதலில் போட்டு, த்ரெட்டிலும் மடலிலும் எண்ணை எழுதாமல் இணைப்பை மட்டும் கொடுங்கள். திருத்த வேண்டி வந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

காசு கட்டிப் படிக்கிறவங்க 15 பேர் இருக்காங்க. அவங்களுக்கு முதல்ல குடுத்துட்டு அப்புறம் ப்ளாக்ல திறக்கலாமா?

திறக்கலாம், எத்தனை நாள் கழித்து என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால். ஆனால் பருவம் பார்த்துச் செய்யுங்கள். ஏப்ரல் பூ உதிர்வை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு 60 நாள் பூட்டி வைத்தால், ப்ளாக்கில் திறக்கும்போது கோடையே முடிந்திருக்கும். அந்த வருடத்துத் தேடல் வாசகர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். இப்படிப்பட்டதற்கு ஒரு வாரம் போதும். பருவம் சாராத மண்கலவைக் கணக்கு போன்றதை இரண்டு மாதம்கூட வைத்திருக்கலாம்.

கட்டணம் கட்டுகிறவர்கள் முன்கூட்டியே படிப்பதைவிட, தங்கள் செடியைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைப்பதைத்தான் அதிகம் எதிர்பார்ப்பார்கள். 15 பேர் என்றால் மாதம் ஒரு மடலை முழுக்க அவர்களின் கேள்விகளுக்கே ஒதுக்கலாம். அதில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், பெயரை நீக்கி, சம்மதம் வாங்கி, ப்ளாக்கில் ஏற்றுங்கள்.